கடையில் ஒரே ஒரு சில்வர் லைசென்ஸ்: வீட்டிலிருந்து டேலியில் என்ட்ரி போட வழி உண்டா?

கரூர்_ஹார்டுவேர்

வணக்கம். கடையில் டேலி பிரைம் சில்வர் இருக்கு. விண்டோஸ் 11 ஹோம் போட்ட டெஸ்க்டாப், பிராட்பேண்ட் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் நேராக வந்திருக்கு. பகலில் பையன்கள் அதில்தான் பில் போடறாங்க. எனக்கு உட்கார இடமே கிடையாது. பர்ச்சேஸ் பில் தினமும் 25, 30 சேர்ந்துவிடும். அதைக் கையோடு எடுத்துப்போய் ராத்திரி 9:30-க்கு மேல் வீட்டு லேப்டாப்பில் போடலாம் என்று பார்த்தேன்.

லேப்டாப்பில் டேலியை இறக்கிப் போட்டாச்சு. கடை சீரியல் நம்பரைக் கொடுத்தால் ஏற்கனவே வேறு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் ஆகியிருக்கு என்று நின்றுவிடுகிறது. எனக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தேவையில்லை. கடை மூடின பிறகு நான் ஒருத்தன் மட்டும்தான். இதுக்காக கோல்டு வாங்கணுமா?

---

கோபி_63

வாங்க வேண்டாம் அண்ணே. கடை கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ் போட்டு, டேலி டேட்டா ஃபோல்டரை அதுக்குள்ளே மாத்திடுங்க. வீட்டு லேப்டாப்பிலும் அதே டிரைவ். வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் ஓடும் எஜுகேஷன் மோடில் டேலியைத் திறந்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் கம்பெனி திறக்கும். ரிப்போர்ட் எல்லாம் நல்லாவே தெரியும். காசு செலவில்லை.

---

கணக்குப்பிள்ளை

கோபி சொன்னதில் பாதி சரி. எஜுகேஷன் மோடில் கம்பெனி திறக்கும், ரிப்போர்ட்டும் தெரியும். ஆனால் கேள்வி என்ட்ரி போடுவது பற்றி. எஜுகேஷன் மோடில் வவுச்சர் தேதி மாதத்தின் 1, 2, 31 மட்டும்தான் எடுக்கும். 17-ஆம் தேதி வந்த சிமெண்ட் பில்லை 17 என்று போடவே முடியாது. 1-ஆம் தேதியில் போட்டுவிட்டு அப்புறம் கடையில் திருத்திக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பித்தால், அது ஸ்டாக் ரிப்போர்ட்டில் போய்த்தான் வெடிக்கும். சரக்கு வரும் முன்னாலேயே வந்ததாகக் காட்டும். அந்த மோடு படிக்கிறவர்களுக்காக வைத்தது, வியாபாரக் கணக்கு எழுத இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த டிரைவ் ஃபோல்டர். டேலியின் டேட்டா என்பது ஒரு எக்செல் ஃபைல் மாதிரி இல்லை. எண் பெயருள்ள ஒரு ஃபோல்டர், அதுக்குள்ளே ஒன்றையொன்று நம்பியிருக்கும் பல ஃபைல்கள். ஒரு வவுச்சரை அக்செப்ட் செய்தாலே அவற்றில் சில சேர்ந்து மாறும். டிரைவ் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் ஏற்றும். மூன்று ஏறி நான்காவது ஏறும் முன் நெட் போய்விட்டால், வீட்டில் இருப்பது பாதி புதுசு, பாதி பழசு. அதை வீட்டில் திறந்து ஒரு என்ட்ரி போட்டதும் அந்தக் குழப்பம் திரும்பக் கடைக்கு ஏறும். மறுநாள் காலையில் கம்பெனி திறக்கவில்லை என்றோ, மெமரி ஆக்சஸ் வயலேஷன் என்றோ வந்து நிற்கும். ரிப்பேர் கொடுத்தால் கம்பெனி திறக்கலாம், ஆனால் சில வவுச்சர்கள் காணாமல் போயிருக்கலாம். எது போச்சு என்று தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

டிரைவில் வைக்கவேண்டியது பேக்கப் ஃபைலை மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாவை இல்லை.

---

கோபி_63

பேக்கப் எடுத்து வீட்டில் ரெஸ்டோர் பண்ணிப் பார்க்கலாம்தானே? நான் அப்படித்தான் சொல்ல வந்தேன்.

---

கணக்குப்பிள்ளை

பார்க்க மட்டும் என்றால் சரி. எழுத ஆரம்பித்தால் இரண்டு நோட்டு ஆகிவிடும். அப்புறம் எது அசல் என்று தேடணும்.

---

நெல்லை_ரவி

டேலியை வேறு கம்ப்யூட்டருக்கு மாத்தறது ரொம்ப ஈஸி சார். பழைய கம்ப்யூட்டரில் எஃப்1 ஹெல்ப், செட்டிங்ஸ், லைசென்ஸ் போய் சரண்டர் கொடுங்க. புதுசில் அதே சீரியல் போட்டு ஆக்டிவேட் பண்ணுங்க. மெயிலுக்கு ஒரு கீ வரும், அதைப் போட்டால் முடிஞ்சது.

---

கரூர்_ஹார்டுவேர்

ரவி சார், நான் கம்ப்யூட்டர் மாத்தலை. கடையிலும் வேணும், வீட்டிலும் வேணும். ஆனால் நீங்க சொன்னதைப் பார்த்ததும் ஒரு யோசனை. தினமும் ராத்திரி கடையில் சரண்டர் பண்ணி வீட்டில் ஆக்டிவேட், காலையில் திரும்ப. அப்படிச் செய்யலாமா?

---

கணக்குப்பிள்ளை

செய்ய முடியும், செய்யாதீங்க. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் நெட் வேண்டும், கீ வரும் மெயில் கையில் வேண்டும். காலை 9 மணிக்குக் கடை நெட் இல்லை என்றால் டேலி எஜுகேஷன் மோடில் நிற்கும். கவுண்டரில் ஆள் நிற்பான், அன்றைய தேதிக்கு பில் போட முடியாது. அதோடு லைசென்ஸ் போனாலும் டேட்டா தானாகப் போகாது. அதையும் தினம் இரண்டு தடவை பேக்கப், ரெஸ்டோர் என்று சுமக்கணும். ஒருநாள் காலையில் ரெஸ்டோர் செய்ய மறந்தால் முந்தின ராத்திரி போட்ட 30 பில்லும் கடை டேலியில் இருக்காது.

---

நெட்மணி

டேலியை வீட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பதால்தான் இத்தனை சுற்றும். டேலி கடையிலேயே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரின் ஸ்க்ரீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாங்க. இன்ஸ்டலேஷன் ஒன்றுதான், டேட்டா ஒன்றுதான், உட்காரும் ஆளும் ஒருத்தர்தான். வீட்டு லேப்டாப்பில் டேலி இருக்கவே வேண்டாம்.

ஆனால் ஸ்க்ரீனைக் கொண்டுவர இரண்டு விதம் இருக்கு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் "ரிமோட்டில் போனால் டேலி எஜுகேஷன் ஆகிறது" என்று பாதிப் பேர் புலம்புகிறார்கள்.

முதல் விதம், கடை மானிட்டரில் ஓடுவதை அப்படியே பிரதி எடுத்து அனுப்புவது. ஏனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் சாதாரணமாக இப்படித்தான். நீங்கள் வீட்டில் மவுஸை நகர்த்தினால் கடை மானிட்டரிலும் அம்பு நகரும். டேலியைப் பொறுத்தவரை அந்தக் கீபோர்டுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து தட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப். இது மானிட்டரைப் பிரதி எடுப்பதில்லை. உங்கள் லாகினை நெட் வழியாக வரும் ஒரு செஷனாக மாற்றிவிடும், கடை மானிட்டரில் லாக் ஸ்க்ரீன் வந்துவிடும். அது ரிமோட் செஷன் என்று உள்ளே ஓடும் மென்பொருளால் கண்டுபிடிக்க முடியும். ஒற்றை ஆள் லைசென்ஸ் விற்கிற பல மென்பொருள்கள் அப்படிக் கண்டால் மறுக்கும்.

உங்களிடம் இருப்பது ஹோம் எடிஷன். அதிலிருந்து வெளியே இணைக்கலாம், அதற்குள் வர முடியாது. அதனால் இரண்டாவது விதம் உங்களுக்கு இல்லவே இல்லை. ஹோமில் அதைத் திறந்துவிடுகிற சின்ன மென்பொருள்கள் சுற்றிக்கொண்டிருக்கும். தொடாதீங்க. விண்டோஸ் லைசென்ஸையும் மீறும், ஒரு அப்டேட் வந்ததும் நின்றும் போகும்.

---

கரூர்_ஹார்டுவேர்

தெளிவா புரிஞ்சது. முதல் விதத்தில் எதைப் போடலாம்? ஏனிடெஸ்க் ஏற்கனவே இருக்கு, சர்வீஸ் பையன் போட்டுவிட்டுப் போனான்.

---

நெட்மணி

ஏனிடெஸ்க் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். கடைக் கணக்கு வியாபார உபயோகம். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் கண்டுபிடித்து இடையில் துண்டிக்கலாம். காசு கட்டுவதானால் நல்ல கருவிதான். டீம்வியூவரும் அதே கதை. நான் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை வைத்துச் சொல்கிறேன். போடுவது சுலபம், ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம்.

முதலில் இதுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் உங்கள் போனில் இருக்கட்டும். கடை கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து அந்தக் கணக்கில் நுழைந்து `remotedesktop.google.com/access` போங்க. இறக்கச் சொல்லும் ஃபைலை இறக்கிப் போட்டதும் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கேட்கும், பிறகு குறைந்தது ஆறு இலக்கத்தில் ஒரு பின் கேட்கும். கடை போன் நம்பரின் கடைசி ஆறு எண்ணை வைக்காதீங்க, அது போர்டிலேயே எழுதியிருக்கும். பின் கொடுத்ததும் அந்தக் கம்ப்யூட்டர் ஆன்லைன் என்று காட்டும்.

அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடை குரோமிலிருந்து அந்தக் கூகுள் கணக்கை வெளியேற்றுங்க. வெளியேறினாலும் இணைப்பு வேலை செய்யும், அது விண்டோஸ் சர்வீஸாகத் தனியே ஓடுகிறது. வெளியேறாவிட்டால் கவுண்டரில் உட்காருகிற யாரும் அந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம்.

வீட்டில் அதே கணக்கில் நுழைந்து அதே முகவரிக்குப் போனால் கடை கம்ப்யூட்டரின் பெயர் தெரியும். அழுத்தி, பின் கொடுத்தால் கடை ஸ்க்ரீன் வரும். உடனே ஃபுல் ஸ்க்ரீன் போடுங்க. சின்ன விண்டோவிலேயே வேலை செய்தால் சில கீகளைக் குரோமே பிடித்துக்கொள்ளும். கண்ட்ரோல் டபிள்யூ தட்டினால் டேலிக்குப் போகாமல் குரோம் டேபே மூடிக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் எதுவும் நடக்காது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இரண்டு வரி:

```
powercfg /change standby-timeout-ac 0
powercfg /change hibernate-timeout-ac 0
```

மானிட்டர் அணைவது பரவாயில்லை, அணையட்டும். சொல்லப்போனால் அணைந்தே இருக்கணும். நீங்கள் ராத்திரி பார்க்கிற எல்லாம் கடை மானிட்டரிலும் ஓடும்.

---

மல்லிகா_டாக்ஸ்

இடையில் ஒன்று. என்ட்ரிக்கு மணி சார் சொன்ன வழிதான். ஆனால் ராத்திரி வேலையில் பாதி "இன்னைக்கு சேல்ஸ் எவ்வளவு, யார் பாக்கி" என்று பார்ப்பதுதான் என்றால் அதுக்கு ஸ்க்ரீனைக் கொண்டுவர வேண்டாம். டேலி சந்தாவான டிஎஸ்எஸ்ஸைப் புதுப்பித்து வைத்திருந்தால் டேலியிலேயே பிரவுசரில் ரிப்போர்ட் பார்க்கும் வசதி இருக்கு. கம்பெனியில் உங்கள் மெயில் ஐடியை டேலி.நெட் யூசராகச் சேர்த்து, எக்ஸ்சேஞ்ச் மெனுவில் கம்பெனியைக் கனெக்ட் செய்து விட்டால், போனிலேயே டேலி தளத்தில் நுழைந்து பார்க்கலாம். கடையில் பையன் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம், அவன் கை மவுஸில் மோதாது. கடையில் டேலி திறந்து, கம்பெனி கனெக்ட் ஆகி இருக்கணும். அது ஒன்றுதான் நிபந்தனை.

11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றும் முன்னாடி எங்கள் ஆபீசிலிருந்து இப்படிப் பார்த்து, எந்த பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பு என்று பார்ட்டிக்குச் சொல்லிவிடுவோம்.

இன்னொன்று, யூசர் பெயர். கடையில் எல்லாரும் ஒரே யூசரில் நுழைந்தால் ராத்திரி நீங்கள் போட்டது எது, பகலில் பையன் மாற்றியது எது என்று பிரிக்க வழியில்லை. உங்களுக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்க. பில்லிங் யூசருக்குப் பழைய தேதி வவுச்சரைத் திருத்தும் உரிமையை எடுத்துவிடுங்க.

---

அன்பு_ஸ்டோர்ஸ்

எனக்கும் இதே பிரச்சினைதான். இரண்டு கடை, ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம், இன்னொன்று 4 கிலோமீட்டர் தள்ளி. ஒரே சில்வர்தான். மணி சார் சொன்ன குரோம் ரிமோட்டைப் போட்டால் இரண்டு கடையிலும் பில் போடலாமா?

---

நெட்மணி

உங்கள் பிரச்சினை வேறு சார். அவருக்கு ஆளில்லாத நேரத்தில் ஒரு ஆள். உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆள். ஒரு ஸ்க்ரீன், ஒரு கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளுங்க. இரண்டாவது கடையில் ஒருத்தர் எழுத ஆரம்பித்தால் முதல் கடை பில்லில் அவர் தட்டுகிற எழுத்து விழும்.

---

கணக்குப்பிள்ளை

அன்பு, உங்களுக்கு சில்வர் போதாது. கோல்டு ஒரே இடத்து நெட்வொர்க்கில் பல பேருக்கு. இரண்டாவது கடை தனி இடம் என்பதால் அதை எப்படி லைசென்ஸ் கணக்கில் சேர்ப்பது என்று வாங்கின பார்ட்னரிடம் எழுத்தில் கேளுங்க. தனி இழை போடுங்க, இங்கே குழம்பும்.

---

கரூர்_ஹார்டுவேர்

நேற்று எல்லாம் போட்டாச்சு, கடையிலேயே என் போனிலிருந்து சோதித்தேன், வேலை செய்தது. ராத்திரி 9:40-க்கு வீட்டில் திறந்தால் கம்ப்யூட்டர் ஆஃப்லைன். தூக்கத்தை நிறுத்தும் இரண்டு வரியும் போட்டிருக்கேன்.

---

நெட்மணி

கடை மூடும்போது மெயினை இறக்குவீங்களா?

---

கரூர்_ஹார்டுவேர்

ஆமா. ஷட்டர் போடும் முன்னாடி பையன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவான். வழக்கம்.

---

நெட்மணி

அதுதான். யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும், அப்புறம் கம்ப்யூட்டர், ரூட்டர் இரண்டும் செத்துவிடும். அடம்பிடித்து மெயினை விடச் சொல்ல மாட்டேன். பெயிண்ட், தின்னர் வைத்திருக்கிற கடையில் இறக்குவது நல்ல பழக்கம்.

கடையில் சிசிடிவி இருக்கா? டிவிஆர் ராத்திரியும் ஓடணும் என்பதால் அதுக்கு மெயினுக்கு முன்னாலேயே தனி எம்சிபி வைத்து ஒரு லைன் போட்டிருப்பார்கள். இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்த லைனிலிருந்து ஒரு பிளக் பாயின்ட் எடுங்க. பிரிண்டர், மானிட்டர், பில்லிங் டேபிள் ஃபேன் எதுவும் அதில் வேண்டாம். சும்மா நிற்கிற டெஸ்க்டாப் 40 வாட் என்று வைத்தால் 12 மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட இல்லை.

ராத்திரி முழுக்க ஓடுவது பிடிக்காவிட்டால் பயாஸில் குறிப்பிட்ட நேரத்தில் ஆன் ஆகும் அலாரம் பல போர்டுகளில் உண்டு. RTC என்ற எழுத்து வரும் வரியைத் தேடுங்க. 8:30-க்குப் பையன் ஷட்டவுன் கொடுக்கட்டும், 9:30-க்கு அதுவே எழும். வேலை முடிந்ததும் நீங்களே வீட்டிலிருந்து ஷட்டவுன் கொடுக்கலாம். அதே இடத்தில் மின்சாரம் போய் வந்தால் என்ன செய்யணும் என்று ஒரு வரி இருக்கும். `Restore on AC Power Loss`, `AC Back` என்று போர்டுக்கு ஒரு பெயர். அதை `Power On` ஆக்குங்க. இல்லையென்றால் 10 நிமிட கரண்ட் கட்டுக்குப் பிறகு ரூட்டர் எழுந்து நிற்கும், கம்ப்யூட்டர் எழாது.

பழைய போர்டு என்றால் உள்ளே இருக்கும் காசு பேட்டரியையும் மாற்றிவிடுங்க. அது செத்திருந்தால் கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் இந்த செட்டிங் எல்லாம் அழியும், கம்ப்யூட்டர் தேதியும் பின்னால் போகும்.

---

கரூர்_ஹார்டுவேர்

டிவிஆருக்குத் தனி லைன் இருக்கு, நீங்க சொல்ற மாதிரியே மீட்டர் பக்கத்தில் தனி எம்சிபி. எலக்ட்ரீஷியன் வந்து பாயின்ட் எடுத்துக் கொடுத்துட்டார். அலாரம் போடலை, ஓடட்டும் என்று விட்டேன். நேற்று ராத்திரி 22 பில் போட்டேன். டேலியின் இடது மூலையில் SILVER என்றே இருந்தது, தேதியும் எல்லாம் எடுத்தது. நன்றி சார்.

மூணு சந்தேகம். தேதி மாத்த எஃப்2 தட்டினால் லேப்டாப் வெளிச்சம் குறையுது. ஒரு லெட்ஜர் பிரிண்ட் கொடுத்தேன், எங்கேயும் வரலை. ஸ்க்ரீன் எழுத்து பெரிசாகி மங்கலாகத் தெரியுது, கடையில் அப்படி இல்லை.

---

நெட்மணி

எஃப்2: அது லேப்டாப் வேலை. எஃப்என் கீயோடு சேர்த்து எஸ்கேப் தட்டிப் பாருங்க, பல லேப்டாப்பில் எஃப் கீகள் அதிலேயே திரும்பும். இல்லையென்றால் எஃப்என் அழுத்திக்கொண்டே எஃப்2. டேலி முழுக்க எஃப் கீயில்தான் ஓடுகிறது, ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டு வாங்கிக்கொண்டால் நம்பர் பேடும் கிடைக்கும். 30 பில் போடுகிறவருக்கு அதுதான் வேகம்.

பிரிண்ட்: வந்திருக்கு, கடையில். பிரிண்டர் அணைந்திருந்தால் வரிசையில் நிற்கும். காலையில் பையன் பிரிண்டரை ஆன் செய்ததும் முதல் கஸ்டமர் பில்லுக்கு முன்னால் உங்கள் லெட்ஜர் வெளியே வரும். யாருடைய பாக்கி என்று கவுண்டரில் எல்லாரும் பார்ப்பார்கள். இப்போதே உள்ளே போய் அந்த வரிசையைக் காலி செய்யுங்க. இனிமேல் பிரிண்ட் கொடுக்காமல் எக்ஸ்போர்ட்டில் பிடிஎஃப் ஆக்குங்க. குரோம் ரிமோட்டின் பக்கப் பட்டியில் ஃபைலை இறக்கும் வசதி இருக்கு, அதன் வழியாக வீட்டுக்கு எடுத்து, கடையில் இருக்கும் பிரதியை அழித்துவிடுங்க.

மங்கல்: மெயினை இறக்கியதும் மானிட்டருக்கும் கரண்ட் போயிருக்கும். சில கம்ப்யூட்டர்களில் மானிட்டர் இல்லை என்று கண்டதும் விண்டோஸ் ரெசல்யூஷனைக் கீழே இறக்கிவிடும். சிலதில் கறுப்பாகவே வரும். வேண்டாம் என்று சொன்ன மானிட்டரையும் அந்தத் தனி லைனுக்கே மாற்றி, அதன் சொந்தப் பட்டனில் அணைத்துப் பாருங்க. அதிலும் சரியாகாவிட்டால் எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று கேளுங்க. கட்டை விரல் அளவு, கம்ப்யூட்டரின் பின்னால் குத்திவிட்டால் மானிட்டர் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதைக் குத்தினால் விண்டோஸ் இரண்டு மானிட்டர் என்று எண்ணும், டிஸ்ப்ளே செட்டிங்கில் டூப்ளிகேட் வையுங்க. இல்லையென்றால் டேலி பகலில் கண்ணுக்குத் தெரியாத மானிட்டரில் திறந்து பையன் தேடுவான்.

---

கணக்குப்பிள்ளை

ராத்திரி வேலைக்கு ஒரு வரிசையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் முதலில் ஆல்ட் ஒய், பேக்கப். பகல் பில்லோடு சேர்ந்த டேட்டா ஒரு பிரதியாக நிற்கும். அந்த பேக்கப் ஃபோல்டரைத்தான் கோபி சொன்ன டிரைவுக்குள் வைக்கணும். பிறகு என்ட்ரி. நடுவில் வீட்டு நெட் அறுந்தால் பதற வேண்டாம், டேலி கடையில் அந்த வவுச்சரோடு அப்படியே நிற்கும். திரும்ப இணைந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். ஸ்க்ரீன் உறைந்தது என்று என்டரை நாலு தடவை தட்டாதீங்க. தட்டியது எல்லாம் சேர்ந்து போய் விழுந்தால் பாதி பில் அக்செப்ட் ஆகிவிடும்.

கடைசியில் கம்பெனியை மூடி, டேலியை விட்டு வெளியே வந்து, விண்டோஸை லாக் செய்யுங்க. இது முக்கியம். குரோம் டேபை மூடினால் இணைப்புதான் போகும், கடை கம்ப்யூட்டர் லாக் ஆகாது. உங்கள் யூசரில் டேலி திறந்தபடி நிற்கும். காலையில் யார் முதலில் வந்தாலும் முதலாளி உரிமையோடு உட்காருவார்.

---

தஞ்சை_கண்ணன்

விண்டோஸ் ப்ரோ வைத்திருக்கிறவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பே நல்லது. வேகம் அதிகம், எழுத்து கூர்மை, பிரிண்டும் வீட்டு பிரிண்டருக்கே வரும். ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்தால் போதும். எனக்கு சில்வரில் நன்றாகவே ஓடுகிறது, எஜுகேஷன் எல்லாம் ஆகவில்லை.

---

நெட்மணி

3389-ஐ நேராக வெளியே திறக்காதீங்க கண்ணன் சார். திறந்த போர்ட்டைத் தேடி பாஸ்வேர்டு தட்டிப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் புரோகிராம்கள் இருக்கு. உள்ளே வந்தால் டேலி ஃபோல்டரையும் பேக்கப்பையும் பூட்டிவிட்டுக் காசு கேட்கும். ரிமோட் டெஸ்க்டாப்தான் வேண்டும் என்றால் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னை இரண்டு பக்கமும் போட்டு, அது தரும் 100-இல் தொடங்கும் முகவரிக்கு இணையுங்க. ரூட்டரில் ஒன்றும் திறக்க வேண்டாம்.

அதோடு நிறைய பேருக்குப் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. ரூட்டருக்குள் போய் WAN ஐபியைப் பாருங்க, பிறகு பிரவுசரில் என் ஐபி என்ன என்று தேடுங்க. இரண்டும் வேறு என்றால் உங்கள் நெட் கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது. வெளியிலிருந்து உங்கள் ரூட்டர் வரை யாரும் வரவே முடியாது.

எஜுகேஷன் விஷயம்: டேலியைக் கடையிலேயே திறந்துவைத்துவிட்டு, பிறகு ரிமோட்டில் இணைகிறீர்களா? அல்லது ரிமோட்டில் போய்த்தான் திறக்கிறீர்களா?

---

தஞ்சை_கண்ணன்

கடையில் திறந்ததை அப்படியே விட்டுவிட்டு வருவேன். ராத்திரி அதையே தொடருவேன்.

---

மல்லிகா_டாக்ஸ்

எங்கள் கிளையன்ட் ஒருவருக்கு ரிமோட்டில் போய்த் திறந்தால் EDU என்று வருகிறது. கடையில் திறந்தால் SILVER. அதே கம்ப்யூட்டர், அதே லைசென்ஸ்.

---

நெட்மணி

அப்படியென்றால் திறக்கிற நேரத்தில்தான் பார்க்கிறது போல. ஆனால் எல்லா வெர்ஷனிலும் இப்படியே இருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நடுவில் கரண்ட் போய் டேலி மூடினால் ராத்திரி மறுபடி திறக்க முடியாமல் நிற்பீர்கள் என்பதையும் யோசிங்க. யாராக இருந்தாலும் முதல் வவுச்சருக்கு முன்னால் இடது மூலையைப் பார்க்கணும்.

---

கணக்குப்பிள்ளை

கண்ணன் முறையில் இன்னொரு சங்கடம். ரிமோட் டெஸ்க்டாப்பைத் துண்டித்த பிறகு கடை மானிட்டர் லாக் ஆகித்தான் நிற்கும். காலையில் பையனுக்கு அந்த விண்டோஸ் பாஸ்வேர்டு தெரியணும். தெரிந்தால் அதே பாஸ்வேர்டில் அவனும் வீட்டிலிருந்து உள்ளே வரலாம்.

---

தஞ்சை_கண்ணன்

போர்ட்டை மூடிட்டேன். பாஸ்வேர்டு விஷயம் யோசிக்கவே இல்லை.

---

கரூர்_ஹார்டுவேர்

ஒரு வாரமா ஓடுது. புதன்கிழமை ராத்திரி மட்டும் உள்ளே போனால் விண்டோஸ் லாகின் ஸ்க்ரீன், பகலில் திறந்த டேலி இல்லை. அப்டேட் போட்டு அதுவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கு. பின் போட்டு உள்ளே போய் டேலியைத் திறந்தேன், SILVER-தான் வந்தது. ஆனால் நான் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போதே இப்படி ரீஸ்டார்ட் ஆனால்?

---

நெட்மணி

விண்டோஸ் அப்டேட் செட்டிங்கில் ஆக்டிவ் அவர்ஸ் என்று இருக்கும். அதைக் கையால் வைக்கிற மாதிரி மாற்றி காலை 8 முதல் இரவு 12 வரை கொடுங்க. அதிகபட்சம் 18 மணி நேரம் எடுக்கும், உங்களுக்கு 16 போதும். ரீஸ்டார்ட் எல்லாம் விடியற்காலையில் நடக்கும். ரிமோட்டில் போய்த் திறந்தும் SILVER வந்தது பாருங்க, மானிட்டரைப் பிரதி எடுக்கிற முறையில் அந்தத் தொல்லை இல்லை.

---

கரூர்_ஹார்டுவேர்

வெச்சாச்சு. இன்னொன்று, லைசென்ஸ் விதிப்படி இப்படி வீட்டிலிருந்து ஓட்டுவது சரிதானே? பின்னாடி யாரும் வந்து கேட்கக்கூடாது.

---

கணக்குப்பிள்ளை

ஒரு இன்ஸ்டலேஷன், ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்பதை நீங்கள் மீறவில்லை என்பது என் வாசிப்பு. ஆனால் என் வாசிப்பு உங்களுக்குக் கேடயம் ஆகாது. லைசென்ஸ் வாங்கின பார்ட்னருக்கு சீரியல் நம்பரோடு ஒரு மெயில் போடுங்க, "கடை மூடிய பிறகு ஸ்க்ரீன் பகிர்வு வழியாக நான் ஒருவனே பயன்படுத்துகிறேன்" என்று அப்படியே எழுதி. பதில் வந்ததும் இங்கே போடுங்க, மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

---

கரூர்_ஹார்டுவேர்

மெயில் போட்டுட்டேன். வந்ததும் போடறேன்.